நன்றி மெயில்: மூன்று வருடத்துக்குப் பிறகு

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "தினமும் உனக்கே மெயில் அனுப்புறியாமே, நானும் ஆரம்பிக்கட்டுமா?" வாயால் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

2022 ஜூனில் ஆரம்பித்தது. இரவு சாப்பிட்ட பிறகு, அன்று நன்றி சொல்லத் தோன்றிய ஒன்றை இரண்டு மூன்று வரியில் எழுதி என் முகவரிக்கே அனுப்பிவிடுவேன். மாதம் முடிந்ததும் அந்த மாதத்து மெயில்களை மொத்தமாக அச்சுப் பக்கமாக்கிச் சேமித்து, ஒரே மூச்சில் படிப்பேன்.

நோட்டுப் புத்தகத்தில் கிடைக்காத ஒரு சுகம் இதில் உண்டு. அனுப்பியதை அடிக்க முடியாது, திருத்த முடியாது. எழுதிய நேரமும் அதிலேயே பதிந்துவிடும். "மழை வருமுன் எதிர்வீட்டு அக்கா கொடியில் கிடந்த துணியை எடுத்து வைத்திருந்தார். மடித்தும் வைத்திருந்தார்." இரவு 11.52-க்கு அனுப்பியது. அன்று அலுவலகத்திலிருந்து எவ்வளவு தாமதமாக வந்தேன் என்பதை அந்த நேரம்தான் ஞாபகப்படுத்தியது.

சரி, இந்த மெயில் பழக்கத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி புது மெயில் அனுப்பி, மறுநாளிலிருந்து அதற்கே பதில் அனுப்புவது என் வழக்கமாக இருந்தது. மாதம் முழுவதும் ஒரே உரையாடலாகத் தொகுந்துவிடும், தேட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் பயன்படுத்தும் மெயில் சேவை, ஓர் உரையாடலில் முன்பு வந்த வரி மறுபடி வந்தால் அதைப் பழைய மெயிலின் மேற்கோள் என்று எடுத்துக்கொண்டு மூன்று புள்ளிக்குள் சுருட்டிவிடுகிறது. பதிலோடு ஒட்டிவரும் பழைய வரிகளை மறைக்கத்தான் அந்த வசதி. நான் கையால் எழுதியதையும் அது விட்டுவைக்கவில்லை.

2023 நவம்பரில் அப்பா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. 8-ஆம் தேதி "அப்பா இன்று கஞ்சி குடித்தார்" என்று அனுப்பினேன். அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். டிசம்பர் 1-ஆம் தேதி தொகுப்பைத் திறந்தால், 8-ஆம் தேதி வரி இருக்கிறது. 9 முதல் 13 வரை வெறும் தேதியும் நேரமும்தான். 14-ஆம் தேதி மட்டும் "அப்பா இன்று இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தார்" என்று தெரிகிறது, வரி மாறியிருந்ததால். 15, 16 மறுபடி காலி. திரையிலாவது புள்ளியைத் தொட்டால் விரியும். அச்சுப் பக்கத்தில் அதற்கும் வழியில்லை. அந்த ஏழு இரவும் நான் ஒன்றுமே எழுதாதது மாதிரி இருந்தது. வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். தினமும் புது மெயில், தலைப்பில் அன்றைய தேதி. தலைப்பு மாறிவிடுவதால் ஒன்றோடொன்று ஒட்டாது. முகவரியில் பெயருக்குப் பின்னால் `+nandri` சேர்த்து அனுப்பி, அந்த முகவரிக்கு வருவதற்கெல்லாம் nandri என்ற லேபிள் விழும்படி ஒரு வடிகட்டி போட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் தேடுவது இப்படி:

```
label:nandri after:2025/3/1 before:2025/4/1
```

`before`-இல் அடுத்த மாதம் 1-ஆம் தேதியைப் போட வேண்டும். 31 என்று போட்டால் கடைசி நாள் மெயில் வராது. இரண்டு மாதம் அப்படி விட்டுவிட்டேன். இப்போது ஒரு வரியும் மறைவதில்லை. ஆனால் முன்பு ஒரே சொடுக்கில் முடிந்த தொகுப்புக்கு ஒவ்வொரு மெயிலாகத் திறந்து நகலெடுக்க வேண்டியிருக்கிறது, அரை மணி நேரம் போகிறது.

தினமும் எழுதினால் சலித்துப்போகாதா என்பது நண்பரின் அடுத்த கேள்வி. கேட்டது நியாயம்தான். உளவியல் ஆய்வாளர் சோனியா லுபோமிர்ஸ்கி குழு 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், 6 வாரம் நன்றிக் குறிப்பு எழுதியவர்களில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மனநிறைவு கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை என்று இருக்கிறது. எனக்கும் பாதி நாள் ஒரே விஷயம்தான் வருகிறது. ஆனால் மாதத் தொகுப்பில் படிக்கும்போது, திரும்பத் திரும்ப வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்பது முறை கஞ்சி என்று எழுதியிருக்கிறேன் என்றால் ஒன்பது முறையும் எனக்குக் கண்ணில் பட வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: மெயில் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மெயிலை விடப்போவதில்லை. நவம்பர் 2023 தொகுப்பை மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாக விரித்து, கையால் எழுதி முடித்தேன்.