மண்டபக் கூரைக்கு விலை கேட்பது: வாட்சப்பா, ஆளை வரச்சொல்வதா, ஒரு பக்கக் கடிதமா?

சுங்கை சிப்புட் பக்கம் கோயில் மண்டபத்துக்குக் கூரை மாற்ற கொட்டேஷன் கேட்பதென்றால் மூன்று வழிதான் நடைமுறையில் இருக்கிறது. கூரையைப் படம் பிடித்து வாட்சப்பில் போட்டு "பாஸ், இது எவ்வளவு வரும்?" என்று கேட்பது ஒன்று. "நீங்களே வந்து பார்த்து எழுதிக் கொடுங்க" என்று ஆளை வரச்சொல்வது இன்னொன்று. அளவு, தகட்டின் கனம், எண்ணிக்கை, கடைசி நாள் எல்லாம் போட்டு ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்புவது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஆனாலும் மற்ற இரண்டும் வேண்டாத வேலை என்று சொல்ல மாட்டேன்.

பேச ஒரு மண்டபம் வேண்டும். நீளம் 60 அடி, அகலம் 40 அடி, நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சுமார் 10 பாகை சரிவு. தாழ்வார நீட்டலையும் சேர்த்தால் கூரையின் நீளம் 64 அடி, ஒரு பக்கத்துச் சரிவு 22 அடி. பழைய சிங்க் தகட்டைக் கழற்றிவிட்டு வண்ணம் பூசிய மெட்டல் டெக் போட வேண்டும்.

வாட்சப்பில் வேகம் இருக்கிறது. இரண்டு தகடு பறந்துபோய் மழை ஒழுகுகிறதென்றால் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது கிறுக்குத்தனம், படத்தை அனுப்பி ஆளை வரவழைப்பதே சரி. முழுக் கூரைக்கு அது உதவாது. படத்தில் சரிவின் நீளம் தெரியாது, அடியில் இருக்கும் சட்டங்கள் துரு பிடித்ததா என்பதும் தெரியாது. அதனால் வருகிற விலை ஒன்று பயத்தில் ஏற்றிச் சொன்னதாக இருக்கும், இல்லையென்றால் வேலையைப் பிடிக்க இறக்கிச் சொல்லிவிட்டு, பழைய தகட்டைக் கழற்றிப் போட்ட பிறகு "அண்ணே, இது எக்ஸ்ட்ரா" என்று ஆரம்பிக்கும்.

ஆளை வரச்சொல்வதில் உண்மையான லாபம் உண்டு. நாம் பார்க்காததை அவர்கள் பார்ப்பார்கள்: எந்தச் சட்டம் போய்விட்டது, 22 அடித் தகடு ஏற்றிய லோரி செம்பனைத் தோட்டத்து வளைவில் திரும்புமா, கூரையை ஒட்டி மின்கம்பி போகிறதா. சிக்கல் அவர்கள் எழுதிக் கொடுப்பதில்தான் வருகிறது. ஒருவர் தகட்டின் நீளத்தை மட்டும் அளந்து ஓட்ட அடிக்கு விலை போடுவார், இன்னொருவர் சதுர அடிக்கு, மூன்றாமவர் மொத்தமாக ஒரே தொகை.

கணக்குக்காக மட்டும் இரண்டு எண் வைத்துக்கொள்வோம். முதலாமவர் தகடு ஓட்ட அடிக்கு 6 வெள்ளி என்கிறார், இரண்டாமவர் சதுர அடிக்கு 2.60 வெள்ளி. பார்த்தவுடன் இரண்டாமவர் பாதி விலைக்குக் கொடுப்பதுபோல் இருக்கும். ஒரு தகடு உண்மையில் மூடும் அகலம் 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. 64 அடிக்கு ஒரு பக்கம் 26 தகடு, இரண்டு பக்கம் 52, ஒவ்வொன்றும் 22 அடி என்றால் 1,144 ஓட்ட அடி. முதலாமவர் தொகை 6,864 வெள்ளி. கூரைப் பரப்பு 2,816 சதுர அடி, ஆக இரண்டாமவர் தொகை 7,321 வெள்ளி 60 காசு. பாதி விலை என்று நினைத்தவர்தான் கூடுதல். அதோடு முடியவில்லை. சதுர அடிக்காரர் தரையை அளந்து 60-ஐ 40-ஆல் பெருக்கி 2,400 என்று போட்டிருந்தால் அவருடைய காகிதத்தில் 6,240 என்றுதான் இருக்கும், மீதி 416 சதுர அடி வேலை நடக்கும்போது முளைக்கும். மொத்தத் தொகைக்காரரிடம் இதையெல்லாம் கேட்கவே வழியில்லை.

கடிதம் ஜெயிப்பது இங்கேதான். எண்ணிக்கையை நாமே போட்டுவிட்டால் எல்லாரும் அதே எண்ணுக்கு எதிரே விலை எழுதியாக வேண்டும்.

ஆனால் கனத்தை அரைகுறையாக எழுதினால் கடிதமும் ஏமாற்றிவிடும். "0.42 மில்லிமீட்டர் தகடு" என்று மட்டும் எழுதினால் நேர்மையான கடைக்காரர்கள்கூட இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். எஃகின் கனம் மட்டும் என்பது ஒரு கணக்கு, மேலே ஏறிய பூச்சையும் சேர்த்தது இன்னொரு கணக்கு. முதலாவதைக் கடைக்காரர்கள் பி.எம்.டி. என்பார்கள், இரண்டாவதை டி.சி.டி. என்பார்கள். எஃகு 0.42 என்றால் பூச்சோடு 0.47 அல்லது 0.48 வரும். பூச்சோடு 0.42 என்றால் உள்ளே இருக்கும் எஃகு அதைவிட மெலிசு. மெலிசான தகடு விலையில் குறையும், யாராவது மேலே ஏறி மிதித்தால் நசுங்கும். விலைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று மட்டும் கீழே தொங்கினால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

நான் எழுதுகிற கடிதம் இந்த அளவுதான் இருக்கும்:

"வண்ண மெட்டல் டெக், எஃகின் கனம் 0.42 மி.மீ. (பூச்சு சேர்க்காமல்), துத்தநாக அலுமினியப் பூச்சு ஏ.இசட். 150, மூடும் அகலம் 762 மி.மீ., 22 அடி நீளம், 52 தகடு. முகட்டு மூடி 64 அடி. மழைநீர்ப் பீலி 128 அடி. பழைய தகட்டைக் கழற்றி அப்புறப்படுத்துவது தனி வரியில். கூலி, திருகு, லோரி தனி வரியில். துருப்பிடித்த சட்டம் மாற்ற அடிக்கு எவ்வளவு என்பது தனி வரியில். விலை அரசாங்க வரி சேர்த்ததா இல்லையா என்று குறிப்பிடவும். இடத்தைப் பார்க்க 9 மே 2026, காலை 10 மணி. சந்தேகம் கேட்க 11 மே வரை. கொட்டேஷன் வந்து சேர வேண்டியது 15 மே வெள்ளி, மாலை 5 மணிக்குள், செயலாளருக்கு. விலை அன்றிலிருந்து 30 நாள் மாறாமல் இருக்க வேண்டும்."

சட்டத்துக்கு அடி விலை கேட்டிருப்பதைக் கவனியுங்கள். எத்தனை சட்டம் போய்விட்டது என்று தகட்டைக் கழற்றாமல் யாராலும் சொல்ல முடியாது, அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு விலையை மட்டும் முன்கூட்டியே கட்டிவைக்கிறோம். பழைய கூரை சிங்க் இல்லாமல் அஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதையும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும், அதைக் கழற்றுவதும் கொட்டுவதும் வேறு வேலை, வேறு விலை.

தேதி விஷயத்தில் "சீக்கிரம் கொடுங்க" என்பதற்கும் "15 மே" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நிர்வாகக் கூட்டத்தில்தான் தெரியும். எஃகு விலை ஏறி இறங்குவதால் பல கடைக்காரர்கள் 14 நாள்தான் விலையைப் பிடித்துவைப்பார்கள். 4 மே தேதியிட்ட கொட்டேஷன் 18-ஆம் தேதி செத்துவிடும், நம் கூட்டமோ 24 மே ஞாயிற்றுக்கிழமை. கையில் மூன்று காகிதம் இருக்கும், ஒன்றுக்கும் உயிர் இருக்காது. அதனால் முதலில் கூட்டத் தேதியைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கடைசி நாளைப் போட வேண்டும். 30 நாள் முடியாது, 21 நாள்தான் என்று ஒருவர் சொன்னாலும் 15-லிருந்து எண்ணினால் கூட்டத்தைத் தாண்டிவிடும், ஒத்துக்கொள்ளலாம்.

ஆக நல்ல வழி கடிதமும் நேரில் பார்ப்பதும் சேர்ந்தது, அதுவும் எல்லாரும் ஒரே நாளில் வந்து பார்ப்பது. கடைக்காரர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள், நிற்கட்டும். வாட்சப் இங்கேயும் வேலைக்கு ஆகும்: அன்றைக்கு ஒருவர் "முகட்டு மூடி என்ன நிறம்?" என்று கேட்டால் பதிலை அவருக்கு மட்டும் சொல்லாமல், கேள்வியையும் பதிலையும் அன்றிரவே மற்ற எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள்.