ஓடுவதற்கு முன் வெறும் வயிறா, வாழைப்பழமா, இட்லியா?

காலை ஐந்தரைக்கு 21 கி.மீ. ஓட்டம். அதற்கு முன் என்ன சாப்பிடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒன்றுமே வேண்டாம் என்பார் ஒருவர். கிளம்புமுன் ஒரு வாழைப்பழமும் காபியும் போதும் என்பார் இன்னொருவர். சீக்கிரம் எழுந்து இட்லி சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்கள் உண்டு. வழியில் ஜெல், அதாவது பாக்கெட்டில் வரும் சர்க்கரைப் பாகு, எடுத்துக்கொண்டால் போதும் என்பவர்களும் உண்டு. நால்வர் சொல்வதும் யாராவது ஒருவருக்குப் பலித்துத்தான் இருக்கிறது. இதில் உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்க, முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: தொந்தரவு மேல் வயிற்றிலா, கீழ் வயிற்றிலா? குமட்டல், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், வாந்தி எல்லாம் மேலே வருபவை. முறுக்கும் வலி, வாயு, அவசரம், பேதி ஆகியவை கீழே வருபவை. இரண்டுக்கும் காரணங்கள் வேறு, அதனால் மாற்ற வேண்டியதும் வேறு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வயிறு, குடல், கல்லீரல் பக்கம் போகிறது. வேகமாக ஓடத் தொடங்கினால் அந்த ரத்தம் கால் தசைகளுக்கும், வியர்வைக்காகத் தோலுக்கும் திருப்பி விடப்படுகிறது. கடுமையான முயற்சியில் குடலுக்குப் போகும் ரத்தம் 80 சதவீதம் வரை குறையலாம். வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த நேரத்தில் இரைப்பையில் உணவு இருந்தால் அது மெதுவாகத்தான் கீழே இறங்கும். குமட்டல் அங்கிருந்து வருகிறது. குடலுக்குள் உறிஞ்சப்படாமல் தங்கும் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அதுதான் வாயுவாகவும் பேதியாகவும் முடிகிறது.

இதனால்தான் வேகம் முக்கியம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இரைப்பை ஏறக்குறைய வழக்கம்போல் காலியாகிவிடும். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில்தான் அது திணறத் தொடங்குகிறது. பயிற்சியில் ஒத்துக்கொண்ட அதே சாப்பாடு போட்டி நாளில் காலை வாரிவிடுவதற்குப் பாதிக் காரணம் இது. மீதியில் பதற்றத்துக்கும் பங்கு உண்டு.

சரி, முதலில் வெறும் வயிறு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தசையில் சேமித்த சர்க்கரை அதற்குத் தாராளமாகப் போதும், மேல் வயிற்றுத் தொந்தரவும் வராது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்போது கதை மாறுகிறது. இரவெல்லாம் கல்லீரலின் கையிருப்பு குறைந்திருக்கும் என்பதால் தலை லேசாகி, கால் தளர்ந்து, சிலருக்கு அதிலேயே குமட்டலும் வரும். இன்னொன்று, இரைப்பை காலி என்றால் குடலும் காலி என்று அர்த்தம் இல்லை. வாயில் போட்டது பெருங்குடலை எட்ட ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்ட சுண்டலும் வெங்காயக் குழம்பும் விடிகாலையில் சரியாக அங்கே வந்து நிற்கும். காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடியும் வயிறு கலக்குகிறது என்பவர்கள், காலையை விட்டுவிட்டு முந்தின இரவைப் பார்க்க வேண்டும்.

வாழைப்பழமும் காபியும் சேர்ந்த வழி நம் ஊரில் அதிகம். இதில் பழத்தின் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. நடுத்தரப் பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், கொழுப்பு கிடையாது, அரை மணி முதல் முக்கால் மணி இடைவெளியில் பெரும்பாலோருக்கு இறங்கிவிடும். எளிதில் வாயு சேரும் குடல் உள்ளவர்களுக்கு மட்டும் நன்றாகக் கனிந்த பழம் சிக்கல் தரலாம், சற்றுக் காயான பழம் ஒத்துக்கொள்ளும்.

காபிதான் கவனிக்க வேண்டியது. சிலருக்குக் காபி உள்ளே போன சில நிமிடங்களிலேயே பெருங்குடல் அசையத் தொடங்கிவிடும். கஃபீன் நீக்கிய காபிகூட ஓரளவு இதைச் செய்யும். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன் குடித்தால் அந்த அசைவு மூன்றாவது கிலோமீட்டரில் வந்து சேரும். அதே காபியை ஒரு மணி நேரம் முன்பே குடித்தால் வீட்டிலேயே வயிறு காலியாகிவிடும். அப்புறம் பால். நம் பக்கத்தில் பெரியவர்கள் பலருக்குப் பாலில் உள்ள சர்க்கரை முழுதாகச் செரிப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாமல் போகலாம், ஓடும்போது தெரியும். எனவே ஓடும் நாளில் கடுங்காபி, அதுவும் முன்கூட்டியே.

இனி இட்லி. நீண்ட ஓட்டத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, நார் குறைவு, அரிசி மாவு சீக்கிரம் கரையும். அதனுடன் சேர்ந்து வருபவைதான் கெடுக்கின்றன. தேங்காய்ச் சட்னியில் கொழுப்பு, பொடியில் நல்லெண்ணெய், சாம்பாரில் பருப்பும் வெங்காயமும். கொழுப்பும் நாரும் இரைப்பையைத் தாமதப்படுத்தும். பருப்பும் வெங்காயமும் குடலில் நொதித்து வாயுவாகும்.

என்னுடன் ஓடும் அக்கா ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், எடை 60 கிலோ. நீண்ட ஓட்டம் என்றாலே எட்டாவது கிலோமீட்டர் வாக்கில் அவருக்குத் தொப்புளுக்குக் கீழே முறுக்கும். கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார், பிறகு கழிப்பறை தேடி நின்றுவிடுவார். "எனக்கு இட்லியே ஒத்துக்காது தம்பி, இனி பட்டினிதான்" என்றார். அவர் சாப்பிட்டதையும் நேரத்தையும் எழுதிப் பார்த்தோம். நாலே முக்காலுக்கு மூன்று இட்லி, தாராளமாகத் தேங்காய்ச் சட்னி. ஐந்தே காலுக்குப் பால் காபி. ஐந்தரைக்கு ஓட்டம். முந்தின இரவு சப்பாத்தியும் சன்னா மசாலாவும். தொந்தரவு கீழ் வயிற்றில் மட்டும்தான், குமட்டல் இல்லை. ஆக இரைப்பை தன் வேலையைச் செய்துவிட்டது. சந்தேகப்பட வேண்டியவை சன்னா, பால், காபி குடித்த நேரம் ஆகிய மூன்றும்.

இட்லியை விடவில்லை. முந்தின மதியத்திலிருந்து கடலை வகைகளும் பச்சைக் காய்களும் நின்றன. இரவு எட்டு மணிக்கு ரசம் சாதமும் உருளைக்கிழங்கும். காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து மூன்று இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரையும் உப்பும், ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். நாலேகாலுக்குக் கடுங்காபி. முறுக்கு நின்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எது குற்றவாளி என்று தெரியவில்லை. பின்னால் ஒரு வார இறுதி ஓட்டத்தில் பால் காபியை மட்டும் பழையபடி பழைய நேரத்துக்குக் குடித்துப் பார்த்தார், முறுக்கு திரும்பி வந்தது. சன்னாவைச் சாதாரண நாளில் இப்போதும் சாப்பிடுகிறார்.

அளவு தெரிய வேண்டுமென்றால், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து வரை போகலாம், இரண்டு மணி என்றால் இரண்டு கிராம் வரை. அது மேல் எல்லை. குமட்டும் வயிறு உள்ளவர்கள் அதில் பாதியில் தொடங்குவது நல்லது.

ஜெல்லில் பெரும்பாலானோர் தவறுவது தண்ணீரில். ஒரு பாக்கெட்டில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். அதைச் சுமார் 300 மி.லி. தண்ணீருடன் எடுத்தால் வயிற்றுக்குள் எட்டு சதவீதக் கரைசல், அது இறங்கிவிடும். ஒரே மடக்குத் தண்ணீருடன் விழுங்கினால் பாகு மாதிரி உள்ளே கிடந்து குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். ஜெல்லுக்கு மேல் இனிப்பான விளையாட்டு பானம் குடிப்பது இரட்டைப் பிழை. குளுக்கோஸை மட்டும் நம்பினால் குடல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 60 கிராம்தான் உறிஞ்சும், அதற்கு மேல் போவது தேங்கும். ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரையும் கலந்திருந்தால் அதற்கு வேறு வாசல் இருப்பதால் 90 கிராம் வரை போகலாம், ஆனால் பழக்கம் வேண்டும். வார ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் இரண்டு வாரத்திலேயே குடல் பழகத் தொடங்குகிறது. போட்டி நாளில் முதல்முறையாக ஜெல்லைப் பிரிப்பதைப்போல் அபாயமானது வேறில்லை.

சைக்கிள் ஓட்டுபவருக்கு இதே அட்டவணை பொருந்தாது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் குடல் குலுங்குகிறது, அதனால் கீழ் வயிற்றுத் தொந்தரவு ஓடுபவர்களுக்கு அதிகம். சைக்கிளில் குலுக்கல் குறைவு என்பதால் ஒரு மணி நேரம் முன் சாப்பிட்டும் பலர் சமாளிப்பார்கள், மிதிக்கும்போதே பழம் சாப்பிடுவார்கள். ஆனால் கைப்பிடியில் தாழக் குனிந்தால் வயிறு மடங்கி, உள்ளிருப்பது மேலே தள்ளப்படும். ஏப்பமும் நெஞ்செரிச்சலும் அதனால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றுக்குக் குனிந்தே போகும் நாளில் நெஞ்செரிகிறது என்றால், சாப்பாட்டை மாற்றுமுன் சில நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் செய்பவர்கள் சைக்கிளில் ஒத்துக்கொண்டதை ஓட்டத்துக்கு அப்படியே கொண்டுவராமல் இருப்பது நல்லது.

விலா எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் வலப்பக்கம், குத்துவது தனி ரகம். பழச்சாறு மாதிரி செறிவான பானத்தை ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன் குடித்தால் அது அதிகம் வரும். வேகத்தைக் குறைத்து, முன்னால் குனிந்து, ஆழமாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் போய்விடும்.

முழங்கால் வலிக்குப் பயந்து ஓட்டத்துக்கு முன் இபுப்ரோஃபென் போடுபவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் குறைந்து ஏற்கெனவே அடிபடும் குடல் சவ்வை அது மேலும் புண்ணாக்கும். வயிற்றுத் தொந்தரவு இருப்பவர்கள் உணவில் கை வைக்குமுன் அதை நிறுத்த வேண்டும்.

சில அறிகுறிகள் வந்தால் இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், ஓடாத நாளிலும் தூக்கத்தைக் கலைக்கும் பேதி, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை சாப்பாட்டு நேரத்தால் வருபவை அல்ல. மேல் வயிற்று அழுத்தமும் குமட்டலும் முயற்சியில் தொடங்கி, நின்றவுடன் அடங்கினால், நடுவயதுக்காரருக்கு அது இதயமாகவும் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டு ஓடும்போது வயிற்று வலியுடன் உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் முக வீக்கமும் வந்தால், அது கோதுமை போன்ற உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்து கிளப்பும் ஒவ்வாமையாக இருக்கலாம். அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.