பிடிஎஃப் வேற ஆப்ல திறக்குதா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

டர்பன்ல இருக்கிற சாட்ஸ்வொர்த்துல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்க மாமாகிட்ட ரெண்டு தடவை 350 ரேண்ட் கறந்திருக்கார். ரெண்டாவது தடவை சொன்ன காரணம், "அங்கிள், வைரஸ் திரும்பி வந்துடுச்சு". வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மாமா கோவில் கமிட்டிக்குக் கணக்கு எழுதுறவர். காவடி நன்கொடை ரசீதெல்லாம் பிடிஎஃப். அதுல கையெழுத்துப் போட வசதியா இருக்கும்னு புதுசா ஒரு ரீடர் போட்டார். ஆனா டபுள் கிளிக் பண்ணினா பழையபடி விண்டோஸோட வர்ற எட்ஜ் பிரவுசர்லதான் திறந்துச்சு. விண்டோஸ் 10, 11-ல அது அப்படித்தான். புது ரீடர் தானாப் போய் டிஃபால்ட் இடத்துல உட்கார விண்டோஸ் விடாது, நாமதான் மாத்தணும்.

கடையில என்ன பண்ணாங்கன்னு டெஸ்க்டாப்ல விட்டுட்டுப் போன `.reg` ஃபைலை நோட்பேட்ல திறந்ததும் புரிஞ்சுது. விண்டோஸ் தன்னோட செட்டிங்கையெல்லாம் வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியில இந்த இடத்துல நேரடியா கை வச்சிருக்காங்க:

```
...\Explorer\FileExts\.pdf\UserChoice
```

அங்க ஆப்போட பேர் (`ProgId`) மட்டும் இருந்தா போதாது. கூடவே `Hash`னு ஒரு சரிபார்ப்புக் குறியும் பொருந்தி வரணும். இவங்க பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. குறி பொருந்தலைன்னா விண்டோஸ் அந்த மாற்றத்தைத் தூக்கிப் போட்டுட்டு எட்ஜுக்கே திரும்பிடும். `An app default was reset`னு ஓரத்துல ஒரு அறிவிப்பும் வரும். அதைத்தான் மாமாவுக்கு வைரஸ்னு காட்டியிருக்காங்க!

சரி, கடையில திறந்து காட்டினாங்களேன்னு கேட்டேன். ரைட் கிளிக் பண்ணி `Open with`ல ரீடரைத் தேர்ந்தெடுத்து `Just once` அழுத்தியிருக்காங்க. அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்து டபுள் கிளிக் பண்ணினா திரும்ப எட்ஜ்தான்.

உங்களுக்கும் இப்படி ஆனா, முதல்ல ரீடரைத் திறந்து அதுக்குள்ள இருந்தே அந்த ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்துச்சுன்னா ஃபைல்ல கோளாறு இல்லை, டிஃபால்ட்தான் மாறணும். விண்டோஸ் 11-ல `Settings > Apps > Default apps` போய், மேல இருக்கிற பெட்டியில `.pdf`னு டைப் பண்ணி, இப்போ இருக்கிற ஆப்பைக் கிளிக் பண்ணி உங்க ரீடரை வச்சுக்கோங்க. மீடியா பிளேயருக்கும் இதே வழிதான். ஆனா `.mp4` தனி, `.mkv` தனி. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு மாறாது. "கோடெக் போச்சு"ன்னு எவனாவது காசு கேட்டா அசராதீங்க, முதல்ல இதைப் பாருங்க.

மாமா பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கார். தென்னாப்பிரிக்காவோட 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 54-வது பிரிவுப்படி, வேலை சரியில்லைன்னா சரிபண்ணித் தரச் சொல்லலாம், இல்லைன்னா காசுல நியாயமான பங்கைத் திருப்பிக் கேட்கலாம். கடைக்காரர் இன்னும் பதில் சொல்லலை. ரெண்டு பில்லையும் பத்திரமா வச்சிருக்கோம்.