விற்பனை இலக்கு: புல்லட் சார்ட்டா, கேஜா?

மாத இலக்கு 40 லட்சம், 20ஆம் தேதிவரை விற்றது 31 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 40 என்று வைத்த கேஜில், அதாவது காரின் வேகமானி போன்ற வரைபடத்தில், அரைவட்டத்தின் முக்கால் பாகத்துக்குச் சற்று மேல் முள் நிற்கும். கார் ஓட்டியவர் எவருக்கும் புரியும். சுவரில் மாட்டிய டிவியில் ஒரே ஓர் எண்ணைக் காட்ட அது போதும்.

சிக்கல் அளவுகோலின் உச்சத்தில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ மென்பொருளில் உச்ச மதிப்பைத் தராவிட்டால், விற்பனையைப் போல இரு மடங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். 31 விற்றாலும் 12 விற்றாலும் கேஜ் பாதிதான் நிரம்பும்! உச்சத்தை 40 என்று வைத்தாலோ, 46 லட்சம் விற்ற மாதத்தின் கூடுதல் 6 லட்சம் அரைவட்டத்தில் தெரியாது.

புல்லட் சார்ட்டில் 31 என்பது ஒரு பட்டை, 40 குறுக்கே ஒரு கோடு. பின்னணியில் மோசம், சுமார், நன்று என மூன்று சாயல்கள். அளவுகோலை 50 வரை நீட்டினால் இலக்கைத் தாண்டியதும் தெரியும். எட்டுக் கிளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம். எட்டு கேஜ்கள் திரையையே விழுங்கிவிடும். ஆனால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கவேண்டும், இல்லையேல் பட்டையின் நீளம் பொய் சொல்லும். புதிதாகப் பார்ப்பவருக்குக் குறுக்குக்கோடு எதுவென்று ஒருமுறை விளக்கவும் வேண்டும்.

கிளைகளை ஒப்பிடுவதென்றால் நான் புல்லட்டைத்தான் எடுப்பேன்.