பக்கவாட்டுப் பலகம் எதைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறது? எட்ஜ், பிரேவ், பயர்பாக்ஸ்: ஓர் ஒப்பீடு

உலாவியின் ஓரத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருக்கும் ஒரு பலகத்தைத் திறந்து, "இந்தப் பக்கத்தில் பணம் திரும்பப் பெறும் விதி என்ன?" என்று கேட்கிறோம். நொடிகளில் பதில் வருகிறது. அந்தப் பதில் சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன், பலகம் எதைப் படித்தது என்று கேட்க வேண்டும். நம் கண்முன் விரிந்திருக்கும் பக்கமும் பலகத்தின் கைக்குப் போய்ச் சேரும் பக்கமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இந்த உதவியாளர்களுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பின்னால் பதிலை எழுதும் மொழி மாதிரி எது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

பயர்பாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். 2024 செப்டம்பரில் வந்த 130ஆம் பதிப்பில் இந்த வசதி சோதனை முயற்சியாக நுழைந்தது. இந்தப் பலகத்துக்கென்று சொந்த உதவியாளர் கிடையாது. சாட்ஜிபிடி, ஜெமினி, மிஸ்ட்ராலின் லெ சாட் போன்றவற்றில் ஒன்றை நாம் தேர்ந்தெடுத்தால், அதன் வலைத்தளமே பலகத்துக்குள் திறக்கும். பக்கத்தில் ஒரு பத்தியைத் தேர்வு செய்து 'சுருக்கு' அல்லது 'எளிமையாக்கு' என்றால், அந்தப் பத்தி உரையாடல் பெட்டியில் நம் செய்தியாகவே போய் உட்காரும். பழைய பாணி என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. என்ன போனது என்பது எழுத்துக்கு எழுத்து கண்முன் இருக்கிறது. தேர்வு செய்யாத வரி எப்படிப் போகும் என்று சந்தேகப்பட இடமில்லை. குறை வேறு பக்கம் இருக்கிறது: பலகத்தில் ஓடுவது பிறருடைய தளம் என்பதால், நாம் அனுப்பியதை அவர்கள் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது அவர்களுடைய விதிகளையும் நம் கணக்கின் அமைப்புகளையும் பொறுத்தது.

பிரேவின் லியோ, 2023 நவம்பரிலிருந்து கணினிப் பதிப்பில் இருக்கிறது. இது உலாவிக்குள்ளேயே கட்டப்பட்டது. பக்கத்தின் உரையைத் தானே பிரித்தெடுத்துக் கேள்வியோடு சேர்த்து அனுப்புகிறது. இலவசமாகப் பயன்படுத்தக் கணக்கு தேவையில்லை. கோரிக்கைகள் இடைநிலைச் சேவையகம் வழியாகப் போவதால், யார் கேட்டார் என்பது மாதிரியை நடத்துபவருக்குத் தெரியாது என்று பிரேவ் கூறுகிறது. அதிலும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: மொழி மாதிரிகளை நம் கணினியிலேயே இயக்கும் ஓலாமா போன்ற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, அதன் முகவரியை லியோவின் அமைப்பில் கொடுத்துவிடலாம்.

```
http://localhost:11434/v1/chat/completions
```

இப்படிச் செய்தால் பக்கம் நம் வீட்டைவிட்டு வெளியேறாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. உள்ளூர் மாதிரி ஒரு தடவையில் ஏற்கும் உரையின் அளவு இயல்பாகச் சிறியதாக வைக்கப்பட்டிருக்கலாம். பக்கம் அதைவிட நீண்டால் ஒரு பகுதி சத்தமில்லாமல் வெட்டப்படும்; பதில் மட்டும் அதே தெம்போடு வரும். தமிழில் படிப்பவர்களுக்கு இது சீக்கிரமே நேரும். மாதிரிகள் உரையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் அதன் அளவைக் கணக்கிடுகின்றன; ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் ஆகும் துண்டுகளைவிடத் தமிழில் எழுதினால் ஆகும் துண்டுகள் பொதுவாக அதிகம்.

எட்ஜின் கோபைலட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2023 தொடக்கத்தில் பிங் அரட்டையாகப் பலகத்துக்குள் வந்தது இதுதான். பக்கத்தைப் பார்க்க அனுமதி கொடுத்தால் அதன் உரையை எடுத்துக்கொள்ளும்; உலாவியில் திறந்த பிடிஎஃப் கோப்பையும் படிக்கும். அலுவலக ஆவணங்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதுவே பெரிய கவர்ச்சி. கோபைலட் விஷன் என்ற தனி வசதியைத் தொடங்கினால், உரையை விட்டுவிட்டுத் திரையில் தெரிவதையே பார்க்கும்.

ஆக மூன்று விதமான வாசிப்பு நமக்கு முன்னால் இருக்கிறது: நாம் தேர்ந்தெடுத்த பகுதி, பக்கத்திலிருந்து பிரித்தெடுத்த உரை, திரையின் படம். உங்கள் பலகம் எதைச் செய்கிறது என்பதை விளம்பரத்தில் தேட வேண்டாம். கீழே உள்ளதை `index.html` என்று சேமித்து, 'மயில் 274' என்று எழுதிய ஒரு படத்தை `a.png` என்ற பெயரில் அதே அடைவில் வையுங்கள்.

```html
<meta charset="utf-8">
<p>கிளி 417</p>
<p style="display:none">பூனை 852</p>
<p style="color:white">ஆமை 639</p>
<img src="a.png">
```

சுற்றிலும் நாலைந்து பத்தி சாதாரண உரையை நிரப்புங்கள். மிகச் சிறிய பக்கங்களைச் சில பிரித்தெடுப்பான்கள் கட்டுரையாகவே மதிப்பதில்லை. வட்டிலிருந்து நேரே திறந்தாலும் சில பலகங்கள் வேலை செய்யாது. அந்த அடைவில் `python3 -m http.server 8000` என்று இயக்கி, `localhost:8000` என்ற முகவரியில் திறக்கலாம். பிறகு, "இந்தப் பக்கத்தில் எண்ணோடு வரும் விலங்கு, பறவைப் பெயர்களை மட்டும் சொல்" என்று கேளுங்கள். எண்களை ஊகிக்க முடியாது என்பதால்தான் அவற்றைச் சேர்த்தேன்.

கிளியும் ஆமையும் மட்டும் வந்தால், பலகம் படிப்பது திரைக்குத் தயாரான உரையை. வெள்ளைமேல் வெள்ளையாக எழுதியதும் அதற்கு எழுத்துதான். பூனையும் வந்தால், அது மூல நிரலையே மேய்கிறது. கிளியும் மயிலும் வந்து ஆமை வராவிட்டால், அது பார்ப்பது படத்தை. பயர்பாக்ஸில் முழுப் பக்கத்தையும் தேர்வு செய்து அனுப்பினால் கிளியும் ஆமையும் போகும். பெட்டியில் நீங்களே பார்க்கலாம். வெட்டு விழுகிறதா என்று அறிய, இதே போன்ற வரிகளை நீண்ட பக்கமொன்றின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் நட்டு வையுங்கள். எந்த வரி காணாமல் போகிறதோ அங்கேதான் கத்தி விழுந்திருக்கிறது.

ஆமை வரி வெறும் விளையாட்டல்ல. நமக்குத் தெரியாத எழுத்து பலகத்துக்குத் தெரிகிறது என்றால், அந்த எழுத்து ஒரு கட்டளையாகவும் இருக்கலாம். 2025 ஆகஸ்டில் பிரேவ் ஆய்வாளர்கள் பெர்ப்ளெக்சிட்டி நிறுவனத்தின் காமெட் உலாவியில் இதைச் செய்து காட்டினார்கள். ரெடிட் பின்னூட்டம் ஒன்றில் மறைத்துவைத்த கட்டளை, பயனர் "சுருக்கு" என்று கேட்டதும் உயிர்பெற்றது. அவருடைய மின்னஞ்சல் முகவரியையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எடுத்து வெளியே கொடுத்தது. போட்டி உலாவியின் குறையை இவர்கள் சொன்னார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், செய்துகாட்டியது உண்மையான ஓட்டை. பதில் மட்டும் சொல்லும் பலகத்தில் இத்தகைய கட்டளை பதிலைத் திரிக்கும். நம் சார்பில் பொத்தான்களை அழுத்தும் உதவியாளரில் பணத்தையே தொடும். வங்கி, மின்னஞ்சல் தாவல்கள் திறந்திருக்கும்போது இரண்டாவது வகையை நான் ஓடவிடுவதில்லை.

படம் பார்க்கும் முறை வெல்லும் இடமும் உண்டு: அட்டவணை. ஒரு சேவையின் கட்டணப் பக்கத்தில் 'தனிநபர்', 'குழு', 'நிறுவனம்' என்று மூன்று நெடுவரிசைகள் இருக்கின்றன. சேமிப்பளவு வரிசையில் தனிநபருக்கான கட்டம் காலி என்று வைத்துக்கொள்வோம். உரையாகப் பிரிக்கும்போது காலிக் கட்டம் விழுந்துவிட்டால், குழுவுக்கு உரிய அளவு ஒரு இடம் நகர்ந்து தனிநபருக்குப் போய்விடும். பதில் தெளிவாக இருக்கும், தவறாகவும் இருக்கும். அட்டவணையை மட்டும் தேர்வு செய்து அனுப்பினாலும் இது முழுதாகத் தீராது, ஏனெனில் தேர்வும் போய்ச் சேருவது வெறும் உரையாகத்தான். இதைக் கண்டுபிடிக்க, "சேமிப்பளவு வரிசையைக் கட்டம் கட்டமாக, காலியானவற்றையும் குறிப்பிட்டு எழுது" என்று கேட்பேன். காலிக் கட்டத்தைப் பற்றிப் பேச்சே வராவிட்டால், அந்த அட்டவணையைப் பற்றிப் பலகம் சொன்ன எதையும் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

நீண்ட ஒப்பந்தத்தில் ஒரு விதியின் பொருள் தெரிய வேண்டுமென்றால், அந்த விதியையும் அது சுட்டும் வரையறையையும் தேர்வு செய்து பயர்பாக்ஸில் கேட்கிறேன். அடையாளம் தெரியாமல் ஒரு கட்டுரையைச் சுருக்கிக்கொள்ள லியோ. பிடிஎஃப் என்றால் எட்ஜ். ஆனால் அது ஸ்கேன் செய்த கோப்பா என்று முதலில் ஒரு சொல்லைச் சுட்டியால் தேர்வு செய்து பார்ப்பேன். சொல் பிடிபடாவிட்டால் உள்ளே இருப்பது படம் மட்டுமே, உரை இல்லை.