ஆரையம்பதியில் ஐந்து கிழமையும் மருமகனின் அடைத்த குரலும்

போன ஆவணியில் ரொறொன்ரோவிலிருந்து ஆரையம்பதிக்குப் போனபோது தங்கச்சியின் பிள்ளைக்கு ஏழு கிழமை. பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது, பத்து மணிவரை அழுவான். மூன்றாம் நாள் காலையில் வாயைத் திறந்தான், சத்தம் கரகரவென்று பாதிதான் வந்தது. தங்கச்சியும் அழத் தொடங்கிவிட்டாள்.

மாமி தேன் போத்தலோடு வந்தார். "நாக்கில தொட்டு வச்சாச் சரி மனே, உங்களுக்கெல்லாம் அதுதானே வச்சது" என்றார். நான் விடவில்லை. ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய கிருமிவித்து பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நோயிலும் அழுகைதான் மாறும். கரகரப்பதில்லை, பலமிழந்து முனகலாகிவிடும். பிள்ளை துவண்டு, பால் இழுக்க மாட்டாது.

அன்று பின்னேரம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டோர்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள், அன்ரிபயோட்டிக் பாணியும் தடிமன் பாணியும் எழுதித் தந்தார்கள். சட்டையைக் கழற்றி மூச்சைப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. குரல் நாண்கள் நாக்குக்குப் பின்னால், கீழே இருக்கின்றன. டோர்ச் வெளிச்சத்துக்கு அவை தெரியாது. அழுது அழுது வீங்கிய நாணுக்கு அன்ரிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. இரண்டு பாணியையும் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்தான் சரியாகப் பார்த்தார். பிள்ளை நித்திரையாகும்வரை காத்திருந்தார். சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார்: 46. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் போனால்தான் வேகம் என்றார். பிறகு காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். "அழக்குள்ள வாற சத்தத்த விடுங்க. சும்மா கிடக்கக்குள்ள மூச்ச உள்ளுக்கு இழுக்கிற நேரம் சத்தம் வருதா, அதப் பாருங்க."

அதற்குப் பிறகு கேட்ட கேள்வி, பிறந்த அன்று அழுத சத்தம் எப்படி இருந்தது என்பது. கணீரென்று அழுத பிள்ளை கடுமையாக அழுத நாட்களுக்குப் பிறகு அடைத்துப்போனால், பெரும்பாலும் அது நாண்களின் களைப்பு, அல்லது சாதாரண தடிமன். பிறந்ததிலிருந்தே கரகரத்தால் கதை வேறு: ஒரு நாண் அசையாமல் இருக்கலாம், நாண்களுக்கு நடுவே சவ்வு இருக்கலாம். தைரொயிட் குறைவிலும் குரல் தடித்துக் கரகரக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கள் மருமகனைப்போலக் கத்துவது குறைவு. தூங்கித் தூங்கிக் கிடக்கும், மலம் இறுகும், மஞ்சள் காமாலை நீளும். குதிக்காலில் எடுத்த இரத்தச் சோதனை பற்றியும் கேட்டார், கிளினிக் கார்ட்டில் நிறை ஏறியிருப்பதையும் பார்த்தார்.

"இரண்டு கிழமைக்குள்ள தெளியாட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆனா சும்மா இருக்கக்குள்ள இழுப்புச் சத்தம், நெஞ்சு உள்வாங்குறது, உதடு நீலமாகுறது, பால் குடிக்கக்குள்ள புரைக்கேறுறது, 38 காய்ச்சல், இதில ஒண்டு வந்தாலும் நாள் எண்ணாதீங்க" என்றார். உதடு நீலமானாலோ மூச்சுக்குத் திணறினாலோ 1990க்கு எடுக்கச் சொன்னார். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இரண்டு கிழமை கழிந்தும் கரகரப்பு முழுதாகப் போகவில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனோம். நீண்ட வரிசை, ஓபீடியிலிருந்து காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பிள்ளை நித்திரையில் மூச்சு விடுவதையும் அழுவதையும் போனில் பதிந்து வைத்திருந்தேன், டொக்டர் இரண்டையும் கேட்டார். நாடியிலும் உதட்டைச் சுற்றியும் சிவந்த மச்சம் உண்டா என்று தேடினார். அங்கே இருந்தால் அதேபோன்ற இரத்தநாளக் கட்டி மூச்சுக்குழாய்க்குள்ளும் வளரக்கூடுமாம்.

பிறகு பிள்ளையைத் துணியால் சுற்றித் தங்கச்சியின் மடியில் வைத்து, வளையும் மெல்லிய குழாய்க் கமராவை மூக்கால் விட்டார். மயக்க ஊசி இல்லை. அவன் கத்தினான், அழும்போதுதான் நாண்கள் அசைவது நன்றாகத் தெரியும் என்றார் டொக்டர். ஓரிரண்டு நிமிடம்தான். இரண்டு நாணும் ஒழுங்காக அசைந்தன, விளிம்பு மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. மருந்து எதுவும் எழுதவில்லை. இந்த அழுகை மூன்று நான்கு மாதத்தில் தணியும், குரலும் அதோடு தெளியும் என்றார். அதுவரை அழத் தொடங்கிய உடனே தூக்குங்கள், சாம்பிராணிப் புகையையும் சிகரெட் புகையையும் கிட்ட விடாதீர்கள் என்றார்.

நான் திரும்பி வந்து ஒரு மாதம். இரவில் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறதாம், காலையில் தெளிவாம். நேற்றுத் தங்கச்சி அனுப்பிய ஓடியோவில் அவன் பாலுக்குக் கத்துகிறான், மாமி பின்னால் "பொறு மனே, பொறு" என்கிறார்.