வடிவம் பென்சிலில், மரம் பிராம்ப்டில்: ஊஞ்சல் ஸ்கெட்சும் கண்ட்ரோல்நெட்டும், நீண்டநாள் அனுபவம்

பெங்களூரில் வீடுகளுக்கு மரவேலை டிசைன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஊஞ்சல், பூஜை மாடம், புத்தக அலமாரி, இந்த மாதிரி. கஸ்டமரிடம் பென்சில் ஸ்கெட்சைக் காட்டினால் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாது. முப்பரிமாணப் படம் செய்து காட்ட ஒரு நாள் போய்விடும். நடுவில் ஒரு வழியாக, பிராம்ப்ட் என்ற எழுத்து விவரத்திலிருந்து படம் உருவாக்கும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனில், வடிவத்தைக் கோட்டால் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல்நெட்டைச் சேர்த்து, ஸ்கெட்சையே உள்ளே கொடுத்துப் படம் எடுக்கிறேன். 2023-இல் கண்ட்ரோல்நெட் வெளிவந்த பிறகு பிடித்த பழக்கம் இது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மரம், எந்த நிறம் என்று முடிவெடுக்க இதைவிடச் சுலபமான கருவி என் கையில் இல்லை. அளவெடுக்க இது ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஸ்கெட்ச் எதற்கு, வார்த்தையிலேயே சொல்லிவிடலாமே என்பவர்களுக்கு: சொல்லிப் பாருங்கள். ஊஞ்சல் என்ற பொருளை ஆங்கிலத்தில் எப்படி விவரித்தாலும் பூங்காவில் குழந்தைகள் ஆடும் ஊஞ்சலோ, தோட்டத்தில் கம்பிச் சட்டத்தில் தொங்கும் சோஃபாவோதான் வரும். பலகையின் நாலு மூலையிலிருந்தும் நாலு சங்கிலி என்று எழுதினால் சில சமயம் இரண்டு வரும், சில சமயம் ஆறு வரும். எது எங்கே, எத்தனை என்பதை வாக்கியத்திலிருந்து எடுப்பதில் இந்த மாடல்கள் மந்தம். அதே நாலு சங்கிலியைக் கோடாக இழுத்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு படத்தைக் கொடுத்து அதன்மேல் புதுப் படம் எடுக்கும் img2img-இல் ஸ்கெட்சை நேரடியாகப் போட்டால் போதாதா என்றும் கேட்பார்கள். போதாது. அங்கே உங்கள் தாளின் வெள்ளையும் பென்சிலின் சாம்பலும்தான் படத்துக்கு அடித்தளம். கொடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் Denoising strength-ஐக் குறைத்தால் வெளிறிய பென்சில் படமாகவே நிற்கும். தேக்கு நிறம் ஏறாது. கூட்டினால் நிறம் வரும், வடிவம் போய்விடும். கண்ட்ரோல்நெட் வேறு மாதிரி வேலை செய்கிறது. மாடலின் ஒரு பகுதியை நகலெடுத்து, அந்த நகலுக்குக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அசல் மாடலோடு பக்கவாட்டில் இணைத்திருக்கிறார்கள். கோடு வடிவத்தை மட்டும் சொல்லும். தாள் என்ன நிறம் என்பது படத்துக்குள் வராது. நிறத்துக்கும் மரத்துக்கும் பிராம்ப்ட் இருக்கிறது.

ஸ்கெட்ச் தயார் செய்வதில்தான் பாதி வேலை. முதலில் மெல்லிய பென்சிலில் வரைந்து, வேண்டிய கோடுகள் மேல் மட்டும் கறுப்புப் பேனாவை ஓட்டி, மீதியை அழித்துவிடுகிறேன். நிழல் காட்ட அடிக்கும் சாய்கோடுகளை அறவே விட்டுவிட வேண்டும். பலகைக்கு அடியில் நிழல் என்று நாம் நாலு கோடு போடுவோம். மாடலுக்கு அது ரீப்பர் கட்டையோ கிராதியோ. அதை அப்படியே மரத்தில் செய்து கொடுக்கும். அடுத்து, போனில் படம் பிடிக்கும்போது தாளில் விழும் கை நிழல். ஸ்கேனர் ஆப்பில் எடுத்து வெள்ளையை வெள்ளையாக்கிவிட்டுத்தான் உள்ளே போடுவேன்.

கோட்டு மாடல்கள் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பழகியவை. அதனால் ஸ்கெட்ச் மாடலுக்குள் போகும் முன் அதைத் தயார் செய்யும் முன்செயலியாக, வெள்ளைத் தாளில் கறுப்பால் வரைந்ததன் நிறத்தைத் தலைகீழாக்கும் invert-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னோட்டத்தைத் திறந்து பாருங்கள். சுத்தமான கறுப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் சரி. சாம்பல் படலம் தெரிந்தால் தாளின் நிழல் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம், படம் எடுப்பதே வீண். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடே தெரிந்தால் invert நடக்கவே இல்லை.

Scribble, lineart என்று இரண்டு மாடல் உண்டு. எனக்கு lineart ஒத்துவரவில்லை. அது ஒவ்வொரு கோட்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். கை லேசாக நடுங்கி வளைந்த கோடு, படத்தில் வெயிலில் முறுக்கிக்கொண்ட பலகையாக வந்து நிற்கும். Scribble கிறுக்கலுக்கென்றே பழக்கப்பட்டது. கோணலை மன்னித்து நேராக்கிவிடும். பதிலுக்குச் சங்கிலியின் வளையங்களை அது தன் இஷ்டத்துக்குப் போடும். அதனால் நான் வளையம் வரைவதே இல்லை. ஒற்றைக் கோடு இழுத்துவிட்டு, சங்கிலி என்பதைப் பிராம்ப்டில் சொல்கிறேன்.

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீடு. சிவப்பு ஆக்சைடு தரை, சுண்ணாம்புச் சுவர், கூடத்தில் ஊஞ்சல் வேண்டும். தேக்கா, ஈட்டியா, வெளிர் நிற ஓக்கா என்று வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. அதற்கு நான் வைத்த அமைப்பு இது:

```
Preprocessor: invert (from white bg & black line)
Model: control_v11p_sd15_scribble
Control Weight: 0.9
Ending Control Step: 0.7
Size: 768x512
```

```
wooden plank swing hanging from brass chains,
teak, matte oil finish, visible grain,
red oxide floor, white lime wall,
soft morning light, photo
```

முதல் வரியில் பொருளின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். வடிவம்தான் கோட்டில் இருக்கிறதே என்று அதையும் எடுத்துவிட்டால், பலகையை மேஜை என்று எண்ணிக்கொண்டு சங்கிலிக் கோடுகளைச் சுவரின் விளிம்பாகவோ ஜன்னல் சட்டமாகவோ ஆக்கிவிடும். இந்தக் கோடு எதனுடைய கோடு என்று ஒரு வார்த்தையாவது சொல்லியாக வேண்டும். அதற்குமேல் நீளம், உயரம், நாலு, இடது பக்கம் எதுவும் வேண்டாம். அடுத்த வரி மரம், அதற்கடுத்தது அறை, கடைசியில் வெளிச்சம்.

Ending Control Step பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படம் உருவாகும்போது முதல் சில படிகளில் எது எங்கே என்பது முடிவாகிவிடும். பிந்தைய படிகளில்தான் மரத்தின் ரேகை, பித்தளையின் பளபளப்பு எல்லாம் ஏறும். 0.7 என்றால் எழுபது சதவீதப் படிகள் வரை கோடு பிடித்திருக்கும், பிறகு விட்டுவிடும். 1-இல் விட்டபோது பலகையின் விளிம்பெல்லாம் பேனாவால் வரைந்து வண்ணம் அடித்தது போல் இருந்தது. மரம் என்று யாரும் நம்பமாட்டார்கள். 0.4-க்கு இறக்கியபோது ரேகை அருமையாக வந்தது, ஆனால் ஊஞ்சலுக்குக் கால் முளைத்து பெஞ்சாகிவிட்டது. என் வேலைக்கு 0.6-க்கும் 0.75-க்கும் நடுவில் எங்கோ சரியாக அமைகிறது.

நல்ல படம் ஒன்று கிடைத்ததும், அது எந்தத் தற்செயல் புள்ளிகளிலிருந்து தொடங்கியது என்பதைத் தீர்மானிக்கும் seed எண்ணைப் பூட்டிவிட்டு, teak என்ற ஒரே வார்த்தையை dark rosewood என்றும், பிறகு pale oak என்றும் மாற்றி எடுத்தேன். ஸ்கெட்சும் seed-ம் மாறாததால் ஊஞ்சல் அதே இடத்தில், ஏறக்குறைய அதே வெளிச்சத்தில் நிற்க, மரம் மட்டும் மாறியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சண்டை ஐந்து நிமிடத்தில் ஓய்ந்தது. சிவப்புத் தரைமேல் ஈட்டி இருண்டு கிடந்தது, ஓக் ஒட்டவில்லை, தேக்குதான் என்று அந்த வீட்டு மாமியே சொல்லிவிட்டார்.

இந்த முறையில் அதிகம் கவிழ்ப்பது வேறொன்று. ஸ்டைல் என்று நாம் நினைத்து எழுதும் வார்த்தைகள் பல, உண்மையில் வடிவத்தைச் சுமந்துகொண்டு வருகின்றன. carved என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கோடே இல்லாத இடத்தில் பூவேலைப்பாடு முளைக்கும். vintage என்றால் காலும் கைப்பிடியும் உருண்டு திரண்டு வரும். Chettinad house என்று எழுதினால் பின்னால் தூண்கள் நிற்கும். நம் ஸ்கெட்சில் வெற்றிடம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த வார்த்தைகள் புகுந்துகொள்ளும். எந்த வார்த்தை வேண்டாததை இழுத்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம்: seed-ஐ மாற்றாமல், ஒவ்வொரு வார்த்தையாக நீக்கிவிட்டு மறுபடி படம் எடுங்கள். தூண் எப்போது மறைகிறதோ, அப்போது கடைசியாக நீக்கிய வார்த்தைதான் காரணம். வேலைப்பாடு உண்மையிலேயே வேண்டுமென்றால் அதைக் கோட்டில் போட்டுவிட வேண்டும்.

நிறம் கசிவது இன்னொரு தொல்லை. சிவப்புத் தரை என்று சொன்னால் தேக்கும் கொஞ்சம் சிவக்கும், பச்சை மெத்தை சேர்த்தால் சுவரில் பச்சை சாயும். எந்த நிறம் எந்தப் பொருளுக்கு என்பதைப் பிராம்ப்டால் கறாராகச் சொல்ல முடிவதில்லை. ரொம்பப் படுத்தினால், ஸ்கெட்சின் ஒரு நகலில் கலர் பென்சிலால் தரைக்குச் சிவப்பும் பலகைக்குப் பழுப்பும் தட்டையாகப் பூசி அதை img2img-இல் கொடுத்து, Denoising strength-ஐ 0.8 வாக்கில் வைத்து, கோட்டை வழக்கம்போல் கண்ட்ரோல்நெட்டில் கொடுப்பேன். நிறம் அதன் இடத்தில் அடங்கிவிடும்.

கணினி விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் இந்த மாடல் நிம்மதியாக ஓடுகிறது.

படம் பட்டறைக்குப் போகும்போது அதன் பொய்கள் வெளியே வரும். தருமபுரிப் பக்கத்து ஆசாரி அண்ணன் ஒருவர்தான் எனக்கு ஊஞ்சல் செய்து தருபவர். தேக்குப் படத்தைப் பார்த்ததும், "தம்பி, ரெண்டடி அகலத்துக்கு ஒட்டே இல்லாம ஒரே பலகையா காட்டிருக்கீங்க. மைசூர் ரோடு மரக்கடை பூரா தேடினாலும் இது கிடைக்காது. ஒட்டுப் போட்டுத்தான் செய்யணும், ரேகை இப்படி ஓடாது" என்றார். அவர் சொன்னது நியாயம். மாடல் ரேகையை அழகுக்குப் போடுகிறது. மரம் எப்படி அறுபட்டது என்பது அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து, ஒட்டு வரும் இடத்தில் ஸ்கெட்சிலேயே நீளவாக்கில் இரண்டு மெல்லிய கோடு இழுத்துவிடுகிறேன். படத்தில் மூன்று பலகை சேர்ந்ததாகவே வருகிறது, கஸ்டமரும் முன்பே பார்த்துக்கொள்கிறார். கூரைக் கொக்கி, சங்கிலியின் தடிமன், பலகையின் கனம் எல்லாம் அளவு போட்ட தனித் தாளில் போகிறது. ஆசாரி கையில் கலர் படத்தைக் கொடுப்பதே இல்லை.

மரத்தின் நிறத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. புதிதாக இழைத்த தேக்கு சீரற்ற நிறத்தில், இங்கங்கே கோடு கோடாக, சில இடத்தில் பச்சை கலந்தாற்போல் இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு, நாள் போகப் போகத்தான் பொன்பழுப்பாகச் சமன்படும். மாடல் காட்டுவது எப்போதும் அந்தச் சமன்பட்ட நிறத்தை. அதனால் படத்தோடு கூடவே எண்ணெய் பூசிய தேக்குத் துண்டு ஒன்றையும் எடுத்துப் போய், ஊஞ்சல் வந்து இறங்கும் நாளில் இதுதான் தெரியும் என்று காட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குகிறேன்.